வாக்கிங் மட்டும் போதுமா? வயதுக்கேற்ற உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். முட்டி வலி, இடுப்பு வலி, கீழே விழுந்து அடிபட்டது என்று வருகிறவர்களோடுதான் என் வேலை. பாட்டியைக் கூட்டிக்கொண்டு மகள் வருவார், கூடவே பேரனும் வருவான். பாட்டிக்குப் பயிற்சி சொல்லி முடிப்பதற்குள் மகள் தனக்கு என்ன என்று கேட்பார், அப்புறம் பையனுக்கு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் தினமும் வாக்கிங் போறேனே, அது போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் உடம்புக்கு மூன்று விதமான வேலை வேண்டும். ஒன்று, கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கிற அசைவு. இரண்டு, தசைக்கும் எலும்புக்கும் பாரம். மூன்று, தடுமாறாமல் நிற்கிற பழக்கம். நடை முதலாவதைத்தான் நன்றாகத் தருகிறது. சின்ன வயதில் ஓடி விளையாடினாலே மூன்றும் தானாகக் கிடைத்துவிடும். முப்பதைத் தாண்டினால் இரண்டாவதைத் தேடிப் போய்ச் செய்ய வேண்டும். அறுபதைத் தாண்டினால் மூன்றாவதையும்.

தசை முப்பதுகளிலிருந்தே மெல்லக் குறையத் தொடங்குகிறது, அறுபதுக்கு மேல் அந்தக் குறைவு வேகமெடுக்கிறது. அதிகமாகச் சுருங்குவது சட்டென்று பலம் காட்டும் தசை நார்கள். நாற்காலியிலிருந்து எழவும், கால் தடுக்கினால் அடுத்த காலை உடனே முன்னால் வைத்து விழாமல் நிற்கவும் இவைதான் வேண்டும். மெதுவான நடையில் இவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. இருபது வருடமாகத் தவறாமல் நடக்கிறவர்கூட கைப்பிடியை அழுத்தித்தான் எழுகிறார் என்றால் காரணம் இதுதான்.

எவ்வளவு நேரம் செய்யணும்? பத்தாயிரம் அடி கணக்கு உண்மையா?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் இப்போது நடைமுறையில் உள்ள கணக்கு. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. அதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. 65-ஐத் தாண்டியவர்களுக்கு இதே கணக்கோடு, சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி வாரத்தில் 3 நாள். வயதானால் பட்டியல் குறைவதில்லை, கூடுகிறது. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

மிதமானது எது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையானது. இருபது வயதுப் பையனுக்கு ஓடினால்தான் வருகிற மூச்சு, எழுபது வயது அம்மாவுக்கு ஒரு மாடிப்படி ஏறினாலே வந்துவிடும். இரண்டு பேருக்கும் அது ஒரே அளவு வேலைதான். தொடர்ந்து 10 நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய விதியையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள்.

பத்தாயிரம் அடி என்பது 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவிய எண். நடந்தால் நல்லதுதான், ஆனால் 6,000 நடந்த நாளில் வருத்தப்பட வேண்டியதில்லை.

என் பொண்ணு நாலாவது படிக்கிறா. ஸ்கூல்ல பி.டி. பீரியட் இருக்கு. தனியா ஏதாவது சேர்க்கணுமா?

5 முதல் 17 வயது வரை, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று பாருங்கள். வகுப்பில் சேர்க்கத்தான் வேண்டும் என்றில்லை. சாயங்காலம் தெருவிலோ மொட்டை மாடியிலோ ஒரு மணி நேரம் ஓடிப் பிடித்து விளையாட விட்டாலே போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாரத்தில் 3 நாளாவது குதிக்கிற விளையாட்டு இருக்க வேண்டும். பாண்டி, ஸ்கிப்பிங், கோகோ, கபடி, கூடைப்பந்து எதுவானாலும் சரி. தரையில் பாதம் மோதுகிற அதிர்ச்சிக்குத்தான் எலும்பு தடித்து வளர்கிறது. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு அருமையானவை, ஆனால் எலும்புக்கு அந்த மோதலைத் தருவதில்லை. ஆயுளுக்கும் வேண்டிய எலும்பில் பெரும் பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. வயதுக்கு வந்த பிறகு பெண்பிள்ளைகளை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். எலும்பு மிக வேகமாகச் சேர்கிற வருடங்களே அவைதான்.

பையனுக்கு 15 வயசு. ஜிம்முக்குப் போகணும்னு அடம் பிடிக்கிறான். வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடுமாமே?

நிற்காது. கூட ஒருவர் நின்று முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பதின்வயதில் எடைப் பயிற்சி பாதுகாப்பானதுதான். காயம் வருவது பெரும்பாலும் நண்பர்களோடு போட்டி போட்டு, ஒரே தடவையில் அதிகபட்ச எடையைத் தூக்கிப் பார்ப்பதால். 12 முதல் 15 தடவை சுத்தமாகத் தூக்க முடிகிற எடையோடு நிறுத்தச் சொல்லுங்கள். முதல் சில மாதம் தண்டால், தோப்புக்கரணம், கம்பியில் தொங்கி ஏறுவது போதும். ஜிம்மில் யாராவது பவுடரோ ஊசியோ தந்தால் வீட்டில் சொல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எனக்கு 38. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வீட்டு வேலை, ஆபீஸ் வேலை. இதுவே எக்ஸர்சைஸ் இல்லையா?

மூச்சு வாங்கினால் அது பயிற்சிதான். தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறுவது, போர்வைகளைக் கையால் துவைப்பது எல்லாம் கணக்கில் சேரும். அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பது சேராது. களைப்பு வரும், ஆனால் அது நின்று நின்று வந்த களைப்பு. அதில் இதயத்துக்கும் வேலை இல்லை, தசையும் வளர்வதில்லை.

உங்கள் வயதில் நேரம்தான் இல்லை. அதனால் கேட்பது கொஞ்சம்தான்: வாரத்தில் இரண்டு நாள், 20 நிமிடம், பெரிய தசைகளுக்கு வேலை. உட்கார்ந்து எழுவது, சுவரிலோ மேடையிலோ கை ஊன்றித் தண்டால், ஒரு பையில் எடை போட்டு இடுப்புக்கு இழுப்பது. மூன்றும் சேர்ந்தால் காலும் மார்பும் முதுகும் அடங்கிவிடும். மிச்சத்தை வேகமான நடையில் பார்த்துக்கொள்ளலாம்.

மாசமா இருக்கும்போது நடக்கலாமா, இல்ல படுத்தே இருக்கணுமா?

சிக்கல் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் கர்ப்ப காலத்திலும் வாரத்துக்கு 150 நிமிடம்தான் கணக்கு. மூன்று மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளையும், விழவோ வயிற்றில் அடிபடவோ வாய்ப்புள்ளவற்றையும் தவிர்க்க வேண்டும். ரத்தப்போக்கு, தண்ணீர் கசிவு, தலைசுற்றல், நெஞ்சு வலி எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

எனக்கு 50 ஆச்சு, மாதவிடாய் நிக்கிற நேரம். எல்லாரும் கால்சியம் மாத்திரை போடச் சொல்றாங்க. அது போதுமா?

மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகக் கரைகிறது. கால்சியம் கட்டுமானப் பொருள்தான். எலும்பு அதை எடுத்துக் கட்டிக்கொள்ளப் பாரம் வேண்டும். இந்த வயதில் நான் முதலில் சேர்ப்பது எடைப் பயிற்சி. அரைக் கிலோ டம்பெல்லை ஐம்பது தடவை ஆட்டுவதை நான் சொல்லவில்லை. எட்டு பத்து தடவைக்கு மேல் முடியாது என்கிற அளவு எடை, அதை நோக்கி மெதுவாகப் போக வேண்டும். முட்டியும் இடுப்பும் நன்றாக இருந்தால் படி இறங்கும்போது கொஞ்சம் தட்டி இறங்குவது, நின்ற இடத்தில் சின்னச் சின்னக் குதிப்பு ஆகியவையும் சேர்க்கலாம். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களும், எலும்பு அடர்த்தி மிகக் குறைந்தவர்களும் குதிக்க வேண்டாம். அவர்களுக்கான பதில் பின்னால் தனியாக வருகிறது.

அம்மாவுக்கு 67. நல்லாத்தான் இருக்காங்க. பலம் குறைஞ்சிருக்கான்னு வீட்லயே எப்படிப் பார்க்கிறது?

கை வைக்காத நாற்காலி ஒன்று, கடிகாரம் ஒன்று போதும். இருக்கை உயரம் சுமார் 43 செ.மீ. இருக்க வேண்டும், சாதாரண சாப்பாட்டு மேசை நாற்காலி அந்த அளவில்தான் இருக்கும். சுவரோடு ஒட்டி வையுங்கள், நழுவக்கூடாது. கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கையை ஊன்றித்தான் எழ முடிந்தது என்றால் எண்ணிக்கை பூஜ்யம்.

65 முதல் 69 வயதில் பெண்களுக்கு 11-க்கும், ஆண்களுக்கு 12-க்கும் கீழே போனால் அது அந்த வயதுக்குக் குறைவு, விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். 75 முதல் 79-ல் அந்த எல்லை பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 11. ‘நல்லாத்தான் இருக்காங்க’ என்று சொல்லும் பலர் இதில் ஏழு எட்டோடு நின்றுவிடுகிறார்கள். எண்ணிக்கையை விட எழுகிற விதம் இன்னும் நிறையச் சொல்லும். முன்னும் பின்னும் ஆடி வேகம் எடுத்து எழுகிறாரா, உட்காரும்போது கடைசியில் பொத்தென்று விழுகிறாரா என்று பாருங்கள். இரண்டுமே தொடைத் தசை பலவீனத்தின் அடையாளம்.

ஏழு தடவைதான் வந்துச்சு. இப்ப என்ன செய்யறது?

இதே நிலையில் வந்த ஓர் அம்மாவுக்குச் செய்ததையே சொல்கிறேன். வயது 68, தினமும் 40 நிமிடம் கோயிலைச் சுற்றி நடப்பவர். தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். நாற்காலியிலிருந்து ஏழு தடவை, ஏழாவதில் ஆடி எழுந்தார்.

முதல் இரண்டு வாரம் நாற்காலியின் மேல் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டினோம். அந்த உயரத்திலிருந்து கை ஊன்றாமல் 8 தடவை, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடியும் 8. ஒரு நாள் விட்டு ஒரு நாள். எழுவது சாதாரண வேகம், உட்காருவது மனசுக்குள் மூன்று எண்ணி. அந்த மூன்று எண்ணிக்கையில்தான் தொடைக்கு உண்மையான வேலை. அதோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 தடவை, மாடியின் முதல் படியில் ஏறி இறங்குவது காலுக்கு 8 தடவை.

இரண்டு சுற்றும் 12 தடவை சுலபமாக வந்ததும் ஜமுக்காளத்தில் ஒரு மடிப்பு குறைந்தது. ஐந்தாவது வாரம் வெறும் நாற்காலி. ஏழாவது வாரத்திலிருந்து இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பிறகு மூன்று கிலோ. நடுவில் பேத்தி வளைகாப்புக்காக ஒரு வாரம் விட்டுப்போனது. திரும்பியதும் ஒரு படி பின்னால் போய் ஆரம்பித்தோம். 12 வாரம் முடிந்தபோது எண்ணிக்கை 11. நடையை அவர் ஒருநாளும் குறைக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவருக்கு இல்லாமல் இருந்தது பாரம்தான்.

எடையைக் கூட்டணுமா வேணாமான்னு எப்படித் தெரியும்?

கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் செய்கிற முறை கலையக்கூடாது. நிறுத்தும்போது ‘இன்னும் இரண்டு முடியும்’ என்று தோன்றினால் அளவு சரி. ‘இன்னும் பத்து முடியும்’ என்றால் உங்கள் தசைக்கு அது பயிற்சியே இல்லை. ஒரே எடையில், ஒரே எண்ணிக்கையில் ஒரு வருடம் செய்கிறவர்கள் முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்படியே நின்றுவிடுகிறார்கள். மறுநாள் தசை லேசாகக் கனத்து வலிப்பது சகஜம், இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள்ளே குத்தினாலோ வீங்கினாலோ அளவு அதிகம்.

எனக்கு முட்டி தேஞ்சிருக்கு. உட்கார்ந்து எந்திரிச்சா இன்னும் தேயாதா?

தேயாது. முட்டித் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையே பயிற்சிதான். தொடையின் முன்பக்கத் தசை பலமாக இருந்தால் முட்டியின் மேல் வருகிற பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசை இளைக்கும், இளைத்தால் வலி கூடும்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று நாலு அளவு வலி வந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த தடவை நாற்காலி உயரத்தைக் கூட்டுங்கள் அல்லது எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். முட்டி திடீரென்று வீங்கிச் சூடானாலும், மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும் மருத்துவரிடம் காட்டிய பிறகு தொடருங்கள்.

அப்பா வீட்டுக்குள்ளேயே தடுமாறுறாரு. பேலன்ஸுக்கு எட்டு போட்டு நடந்தா சரியாகுமா?

எட்டு வடிவ நடையில் திரும்பிக்கொண்டே இருப்பதால் நேர் நடையை விடக் கொஞ்சம் மேல். ஆனால் சமநிலை வளர, உடம்பு தடுமாறுகிற எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சமையல் மேடைக்கு முன்னால், விரல் நுனி மேடையில் படும்படி நிறுத்துங்கள். முதலில் இரண்டு பாதமும் ஒட்டி. அடுத்து ஒரு பாதம் பாதி முன்னால். அதற்கடுத்து ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில். கடைசியாக ஒற்றைக் கால். ஒவ்வொன்றும் 10 விநாடி. சுலபமாக வந்தால் கையை எடுக்க வேண்டும், பிறகு நின்றபடி தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். ஒரே கோட்டில் 10 விநாடி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் கூடுதல்.

அதற்கு முன்னால் மாத்திரைகளைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றுமே எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கலாம். படுக்கையிலிருந்து எழுந்தவுடன்தான் தடுமாறுகிறார் என்றால் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பும் ஈரமான குளியலறையும் பயிற்சியால் சரியாகாது.

பி.பி.யும் சுகரும் இருக்கு. வெயிட் தூக்கலாமா?

தூக்கலாம், தூக்கத்தான் வேண்டும். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்வது தசைதான். மூச்சை அடக்காதீர்கள், எழும்போது வெளியே விடுங்கள். அடக்கினால் அந்த நேரத்துக்கு அழுத்தம் சட்டென்று ஏறும். ஓய்வில் 180/110-ஐத் தாண்டி இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் வாட்ச் காட்டுகிற எண்ணை நம்பாமல் மேலே சொன்ன பேச்சுச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுத்தால், பயிற்சிக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருக்கும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, திடீர்ப் பசி எடுத்தால் அதை வாயில் போட வேண்டிய நேரம். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம், கோயில் பிரகாரத்திலும்கூட.

எலும்பு ரொம்ப வீக்னு ஸ்கேன்ல வந்துச்சு. யோகா செய்றேன், தொடரலாமா?

தொடரலாம், ஆனால் சில ஆசனங்களை விட வேண்டும். முதுகை வளைத்து முன்னால் குனிகிற பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம் இரண்டும் முதுகெலும்பின் முன்பக்கத்தில் அழுத்தத்தைக் குவிக்கின்றன. அடர்த்தி குறைந்த எலும்பு அங்கேதான் நசுங்கும். வளைந்து முறுக்குவதும் அப்படியே. முதுகை நேராக வைத்து இடுப்பில் மடங்கப் பழகுங்கள். தரையிலிருந்து வாளி எடுக்கும்போதும் இதேதான். நின்று செய்யும் ஆசனங்களும், மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியும் உங்களுக்கு நல்லது. உயரம் குறைந்தது போல இருந்தாலோ, நடு முதுகில் புதிதாகக் கடுமையான வலி வந்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

பாட்டிக்கு 88. இந்த வயசுல போய் எதுக்கு இதெல்லாம்?

1990-ல் அமெரிக்காவில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரை எடுத்துக்கொண்டார். சராசரி வயது 90. எட்டு வாரம், வாரத்தில் மூன்று நாள், தொடைத் தசைக்குக் கடுமையான எடைப் பயிற்சி. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறிலும் தசை பாரத்துக்குப் பதில் சொல்கிறது. தொடங்கும் இடம்தான் வேறு. பாட்டிக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி இறக்குவதாக இருக்கலாம், கட்டிலிலிருந்து பிடிமானத்தோடு ஐந்து தடவை எழுவதாக இருக்கலாம். தட்டில் முட்டையோ பருப்போ தயிரோ ஏதாவது ஒன்று மூன்று வேளையும் இருக்கட்டும். காபியில் இரண்டு இட்லியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு முடித்துக்கொள்கிறவருக்குத் தசை கட்டப் பொருள் இல்லை.

காய்ச்சல்ல பத்து நாள் படுத்துட்டாங்க. எப்பத் திரும்ப ஆரம்பிக்கலாம்?

காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆனதும். படுக்கை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு, 1966-ல் அமெரிக்காவின் டல்லஸில் நடந்த ஆராய்ச்சியைச் சொல்வார்கள். இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். அவர்களையே முப்பது வருடம் கழித்து மறுபடி சோதித்தபோது, அந்த முப்பது வருட முதுமை குறைத்ததைவிட மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடல் தாங்கும் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. இளைஞருக்கே இப்படி என்றால் எழுபது வயதில் இழப்பு இன்னும் சீக்கிரம் வரும், மீள்வது தாமதமாகும்.

மருத்துவர் தடை சொல்லாத வரை, படுத்திருக்கும் நாளிலேயே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, சாப்பிட எழுந்து உட்காருவது, கழிப்பறைக்குத் துணையோடு நடந்து போவது ஆகியவற்றை விடாதீர்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் நாற்காலிச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். பழைய எண்ணிக்கையில் பாதிதான் வருகிறது என்றால் பழைய எடையில் தொடங்காமல், ஜமுக்காளம் போட்ட நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், கண் இருட்டல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.